கழலாத மோதிரம்

குளிர் பட்டால் விரல்நுனிக்குப் போகும் ரத்தம் குறைவது எல்லோருக்கும் நடப்பதுதான். உள்ளங்கையிலும் விரல்நுனிகளிலும் தமனியிலிருந்து நேராகச் சிரைக்குப் போகும் குறுக்கு வழிகள் நிறைய உண்டு. வெயில் நேரத்தில் அவை திறந்து, உடலின் சூட்டை வெளியே தள்ளும். குளிரில் மூடிக்கொண்டு சூட்டை உள்ளேயே நிறுத்தும். இந்த ஏற்பாடு அளவுக்கு மீறி வேலை செய்தால், தோலின் குறுக்கு வழிகள் மட்டுமல்லாமல் விரலுக்குள் ஓடும் தமனிகளும் இறுகிவிடும். அப்போது விரல்நுனி சட்டென்று வெளுக்கும். எங்கே வெளுப்பு முடிகிறது, எங்கே வழக்கமான நிறம் தொடங்குகிறது என்று கோடு போட்டதுபோல் தெரியும். சிறிது நேரத்தில், உள்ளே தேங்கிய கொஞ்சநஞ்ச ரத்தமும் ஆக்சிஜனை இழந்துவிட, விரல் நீலம் பாய்ந்து காணும். கையைச் சூடாக்கியதும் ரத்தம் திரும்பிப் பாயும். சிவந்து, குறுகுறுத்து, எரியும். பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862இல் பாரிஸில் எழுதிய ஆய்வேட்டில் இதை விவரித்தார். அதனால் இதற்கு ரேனோ என்றே பெயர்.

'நம் ஊர் வெக்கைக்கு இதெல்லாம் எங்கே வரப்போகிறது' என்று தோன்றலாம். ரேனோவுக்குப் பனி கொட்ட வேண்டியதில்லை; வெப்பநிலை சட்டென்று மாறினால் போதும். வெயிலில் நடந்து வந்து ஏசி அறைக்குள் நுழைவது, ஃபிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுப்பது, மார்கழி விடியலில் பைக் ஓட்டுவது, இவற்றில் எதிலும் வரும். மனம் பதறினாலும் சிலருக்கு வருகிறது.

நம் நிறத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாடப்புத்தகங்களில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் விரல்கள். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் விரலின் மேல்பக்கம் சாம்பல் பூத்தாற்போல் வெளிறுமே தவிர, நீலம் எளிதில் பிடிபடாது. நகத்துக்கு அடியிலும், விரலின் உள்ளங்கைப் பக்கத்திலும் பார்த்தால் தெரியும். மருத்துவரிடம் போகும் நேரத்தில் விரல் வழக்கம்போல் இருக்கும். அதுதான் இந்தத் தொல்லையின் குணம். அதனால் வரும்போதே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பார்க்கும் ஆசையில் கையை ஐஸ் தண்ணீரில் முக்கிக் காட்ட வேண்டாம். அது தேவையும் இல்லை. சிலருக்குத் தீங்காகவும் முடியும்.

ரேனோ உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குப் பின்னால் எந்த நோயும் இல்லை. பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும். இரண்டு கைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும், விரலில் புண் வராது, நகக்கண் ரத்தக்குழாய்கள் சரியாக இருக்கும். அம்மாவுக்கும் இருந்திருக்கலாம். நூறு பேரில் சிலருக்கு இருக்கக்கூடிய இந்த வகைக்குக் கையுறையும் கம்பளியும் போதும். ஆனால் முப்பது வயதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்கினால், சில விரல்களில் மட்டும் வந்தால், வலித்தால், விரல்நுனியில் புண் வந்தால் கதை வேறு. அதோடு விரல்களும் உப்பத் தொடங்கினால் அது சிஸ்டமிக் ஸ்க்ளீரோசிஸ் என்ற நோயின் தொடக்கமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஸ்க்ளீரோடெர்மா என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். உடலின் எதிர்ப்பு சக்தி தன் ரத்தக்குழாய்களையே தாக்க, தோலிலும் உள்ளுறுப்புகளிலும் தழும்புத் திசு படியும் நோய் அது. பெண்களுக்கே அதிகம். பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது.

இந்த நோய் எப்படி நுழைகிறது என்பதை ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். அவர் தனி ஒருவர் அல்ல. இந்நோயாளிகள் பலரிடம் காணும் வரிசையை ஒருவர்மீது ஏற்றிச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் இறால் கம்பெனியில் இறால் உரிக்கும் பெண், வயது 41. நாள் முழுக்கக் கை ஐஸில் கிடக்கும். ஒன்றரை வருடமாக வலக்கையில் மூன்று விரல்கள் வெளுக்கின்றன; பிறகு இடக்கையிலும். உடன் வேலை செய்பவர்கள் "ஐஸ்ல கெடந்தா அப்பிடித்தான்க்கா இருக்கும்" என்றார்கள். ஒரு வகையில் நியாயமான பேச்சுதான். ஆனால் பத்து வருடமாக அதே ஐஸில் கை வைத்தபோது வராதது இப்போது ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி அலசும்போதும் வந்தது.

வேலையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அதிரும் இயந்திரங்களைப் பிடித்துப் பாறை துளைப்பவர்களுக்கு அந்த அதிர்வாலேயே விரல் வெளுக்கும். கல் தூசியோ இந்த நோய்க்கே ஒரு காரணம். எடின்பரோவில் கல்தச்சர்களிடம் இதைப் பைரம் பிராம்வெல் 1914இல் கவனித்தார். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் எராஸ்மஸ் 1957இல் பதிவு செய்தார். கல்குவாரியிலோ கிரானைட் பட்டறையிலோ வேலை செய்யும் ஓர் ஆணுக்குக் குளிரில் விரல் வெளுத்தால், நுரையீரலைப் பற்றி மட்டுமல்ல, இந்த நோயைப் பற்றியும் மருத்துவர் யோசிக்க வேண்டும். நம் ஊரில் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்ற கேள்வி சீட்டின் மேலே பெயருக்குப் பக்கத்தில் எழுதுவதற்காக மட்டும் கேட்கப்படுகிறது.

தூத்துக்குடிப் பெண்ணுக்கு அடுத்து வந்தது மோதிரத் தொல்லை. காலையில் எழுந்தால் விரல்கள் உப்பியிருக்கும். மதியத்துக்குள் கொஞ்சம் வடியும். சில மாதங்களில் வடிவதும் நின்றுபோனது. மோதிரம் கழலவில்லை, சோப்பு போட்டும் கழலவில்லை. கடைசியில் ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தார்கள். மோதிரம் போன பிறகும் கை லேசாகவில்லை. விரலின் மேல்தோல் நீட்டி இழுத்ததுபோல் பளபளத்தது. முட்டிகளின்மேல் எல்லோருக்கும் இருக்கும் சுருக்கங்கள் மறைந்துபோயின. விரலின் முதுகில் தோலைக் கிள்ளித் தூக்கப் பார்த்தால் பிடி கிடைக்கவில்லை. முழுக்கையையும் மடக்க முடியவில்லை.

இந்த வீக்கத்தைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இதயமோ சிறுநீரகமோ பழுதாகி வரும் நீர்க்கட்டு பெரும்பாலும் காலிலும் முகத்திலும் தெரியும். விரலால் அழுத்தினால் குழி விழும். மூட்டுவாத வீக்கம் மூட்டைச் சுற்றி இருக்கும். இரண்டு மூட்டுகளுக்கு நடுவே விரல் மெலிந்தே இருக்கும். தொட்டால் மூட்டு வலிக்கும். ஸ்க்ளீரோடெர்மாவின் தொடக்க வீக்கமோ மூட்டைப் பார்த்து வருவதில்லை. அடியிலிருந்து நுனிவரை முழு விரலும் ஒரே கனத்தில் உப்பும், அழுத்தினால் குழி விழாது, அல்லது லேசாகத்தான் விழும். உள்ளே நடப்பது இதுதான்: நுண்ணிய ரத்தக்குழாய்களின் உள்சுவர் அடிபட்டு நீர் கசிகிறது. அந்த நீரைப் பிடித்து வைக்கும் பொருட்கள் தோலடியில் பெருகுகின்றன. பின்னால்தான் கொலாஜன் என்ற நார்ப்பொருள் அடுக்கடுக்காகப் படிந்து தோல் கெட்டியாகிறது. குளிரில் விரல் வெளுப்பதும் அதே சேதத்தின் இன்னொரு முகம். உள்சுவர் தடித்துக் குழாய் ஏற்கெனவே குறுகிப்போயிருக்கிறது. கொஞ்சம் சுருங்கினாலே முழுதும் அடைபடுகிறது.

தூத்துக்குடிப் பெண் முதலில் போன இடத்தில் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ருமட்டாய்டு ஃபாக்டர் லேசாகக் கூடியிருந்தது. கை வீக்கம், காலையில் விறைப்பு, மடக்க முடியவில்லை, ருமட்டாய்டு ஃபாக்டரும் கூடியிருக்கிறது என்று எல்லாம் பொருந்திவர, மூட்டுவாதம் என்று எழுதி, ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளுக்கு 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். இந்தத் தவறில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஸ்க்ளீரோடெர்மா உள்ளவர்களிலும் கணிசமானோருக்கு ருமட்டாய்டு ஃபாக்டர் கூடியிருக்கும். மாத்திரை போட்ட முதல் வாரத்தில் வீக்கமும் கொஞ்சம் குறைந்தது. நோய் பிடிபட்டுவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள்.

குளிரில் விரல் வெளுப்பதை அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அவருக்கு அது வேலையோடு வந்த தொல்லை, மருத்துவரிடம் சொல்லக்கூடிய வியாதியாகத் தோன்றவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் மூன்று மாதம் கழித்து அவர் போய்ச் சேர்ந்த ருமட்டாலஜி மருத்துவர். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி வீக்கத்தைப் பற்றியது அல்ல. "ஏம்மா, தண்ணில கைய வச்சா வெரலு வெளுக்குதா?"

அதன்பின் செய்தவை இரண்டு சோதனைகள்தான். முதலாவது நகக்கண் சோதனை. நகம் தோலுக்குள் நுழையும் இடத்தில் தந்துகிகள் படுத்த நிலையில் ஓடுகின்றன. உடலில் ஊசி குத்தாமல், வெட்டாமல் ரத்தக்குழாயைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஒரு சொட்டு எண்ணெயையோ ஜெல்லையோ வைத்து, பெரிதாக்கும் கருவியால் பார்ப்பார்கள். இதற்கென்று கேப்பிலரோஸ்கோப் உண்டு. தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் டெர்மோஸ்கோப்பிலும் ஓரளவு தெரியும். மோதிர விரலில் நன்றாகப் பிடிபடும். கறுத்த தோலில் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சாதாரணமாக, கொண்டை ஊசிகளை வரிசையாகக் குத்தி வைத்ததுபோல் ஒரே அளவில் நெருக்கமாக நிற்கும். நோய் தொடங்கியவரிடம் சில ஊசிகள் மட்டும் பல மடங்கு பருத்திருக்கும், அங்கங்கே ரத்தம் கசிந்த புள்ளிகள் இருக்கும். நாளாக ஆக நடுநடுவே ஊசியே இல்லாத வெற்றிடங்கள் தோன்றும். இந்தப் பெண்ணுக்கு நான்கு விரல்களில் பருத்த தந்துகிகள் இருந்தன. நகக்கண்ணைக் கடிப்பவர்களுக்கும், மெனிக்யூர் செய்து தோலைத் தள்ளிவிடுபவர்களுக்கும் படம் குழம்பும் என்பதால், சோதனைக்கு முன்னால் சில வாரங்கள் அந்த இடத்தைத் தொடாமல் விடச் சொல்வார்கள்.

இரண்டாவது ரத்தத்தில் ஏஎன்ஏ என்ற எதிர்ப்பொருளைத் தேடுவது. இதில் சாதாரண மனிதர்கள் அதிகம் பயந்துபோகிறார்கள். ஆரோக்கியமானவர்களிலேயே பலருக்குக் குறைந்த அளவில் ஏஎன்ஏ இருக்கும். ஆய்வகச் சீட்டில் 'பாசிட்டிவ்' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்து இணையத்தில் தேடித் தூக்கத்தை இழப்பது வீண். ஆனால் ஸ்க்ளீரோடெர்மா உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கு அது இருக்கும். அதனால், இல்லையென்றால் நோயும் பெரும்பாலும் இல்லை. இருந்தால் அடுத்த கட்டமாக, இந்த நோய்க்கே உரிய எதிர்ப்பொருள்களில் எது என்று பார்ப்பார்கள். மூன்று முக்கியம். சென்ட்ரோமியருக்கு எதிரானது இருந்தால் நோய் பொதுவாக மெதுவாக, முன்கை தாண்டாமல் போகும். பல வருடங்களுக்குப் பிறகு நுரையீரல் ரத்தக்குழாய்களின் அழுத்தம் கூடக்கூடும். ஸ்க்ளு-70 இருந்தால் நுரையீரல் தழும்புக்கு வாய்ப்பு அதிகம். ஆர்என்ஏ பாலிமரேஸ்-3 இருந்தால் தோல் வேகமாக இறுகும், சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். தூத்துக்குடிப் பெண்ணுக்கு இருந்தது ஸ்க்ளு-70.

அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2013இல் ஒரு மதிப்பெண் முறை வகுத்தன. ஒன்பது மதிப்பெண் வந்தால் இந்த நோய் என்று வகைப்படுத்தலாம். இவருக்குக் கணக்குப் போடுவோம். குளிரில் விரல் வெளுப்பதற்கு 3. நோய்க்கே உரிய எதிர்ப்பொருளுக்கு 3. நகக்கண் மாற்றத்துக்கு 2. ஆக 8, இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். உப்பிய விரல்களுக்கு 2. பத்து. மோதிரத்தை வெட்டவைத்த அந்த வீக்கம்தான் அவரைக் கோட்டைத் தாண்ட வைத்தது. இதற்கு முன் 1980இல் வகுக்கப்பட்ட முறையில் உப்பிய விரலுக்கு இடமே இல்லை. தோல் கெட்டியாகி விரல்களைத் தாண்டி மேலே ஏறியிருக்க வேண்டும், அல்லது விரல்நுனித் தழும்பு, நுரையீரல் தழும்பு என்று சேதங்கள் ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இவர் நோயாளியே அல்ல. அந்த முறை நோயின் தொடக்கத்தை அல்ல, வந்து சேர்ந்த இடத்தைத்தான் பார்த்தது. இந்த மதிப்பெண்கள்கூட ஆய்வுகளுக்காக வகுக்கப்பட்டவைதான். எட்டோடு நிற்பவரை மருத்துவர் 'போய்ட்டு வாங்க' என்று அனுப்பிவிட மாட்டார்.

அப்படி அனுப்பக் கூடாது என்பதற்குச் சான்று இருக்கிறது. தொடக்க நிலையில் இருப்பவர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2021இல் வெளிவந்தன. ரேனோவோடு உப்பிய விரலும், நோய்க்கே உரிய எதிர்ப்பொருளும் சேர்ந்திருந்தவர்களில் நூற்றுக்கு 94 பேர் அந்த ஐந்து வருடத்துக்குள் முழு நோய்க்குள் போனார்கள். மறுபக்கமும் சொல்ல வேண்டும். ரேனோ மட்டும் இருந்த 586 பேரை இருபது வருடம் பார்த்த கனடா ஆய்வில், எதிர்ப்பொருளும் இல்லாமல் நகக்கண்ணும் சரியாக இருந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட இந்த நோய் வரவில்லை. அந்த இரண்டு சோதனைகளும் சரியாக இருந்தால் கையுறையை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம்.

விரல்களுக்குச் செய்யக்கூடியவை எளிமையானவை. கையை மட்டும் மூடினால் போதாது. உடம்பே சூடாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் வரும், அதனால் உள்ளே ஒரு பனியன், காலுக்குச் சாக்ஸ், ஏசி அறையில் ஒரு சால்வை. வெளுத்துவிட்டால் வெந்நீரில் விடக் கூடாது. உணர்ச்சி மரத்திருக்கும் விரல் வெந்துபோவது தெரியாது. வெதுவெதுப்பான நீர் போதும், அல்லது அக்குளில் வைத்துக்கொள்ளலாம். பீடி சிகரெட் விரல் தமனிகளை இறுக்கும், அறவே கூடாது. ஒற்றைத் தலைவலிக்கோ கைநடுக்கத்துக்கோ கொடுக்கும் ப்ரொப்ரனலால், மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் சில மாத்திரைகள் ஆகியவையும் ரேனோவைக் கூட்டும். மருந்தில் முதலில் வருவது நிஃபெடிபின், அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரைகள். குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துபவை அவை. தலைவலியும் கணுக்கால் வீக்கமும் வரலாம். அது போதாவிட்டால் சில்டெனாஃபில். பெண்கள் இந்தச் சீட்டை நீட்டும்போது சில மருந்துக்கடைக்காரர்கள் பார்க்கும் பார்வை ஒரு மாதிரி இருக்கும். பொருட்படுத்தத் தேவையில்லை, விரல் தமனியை விரிக்கவும் அதே மருந்துதான். நுனி கறுத்தாலோ, சூடாக்கிய பிறகும் நீலம் மாறாமல் வலி கூடிக்கொண்டே போனாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது. சிரைவழி ஐலோப்ராஸ்ட் போன்ற மருந்தால் அந்த விரலைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.

இவ்வளவும் விரலுக்கு. ஆனால் நோயைத் தொடக்கத்திலேயே பிடிப்பதில் உண்மையான லாபம் விரலில் இல்லை. தோலின் இறுக்கம் பொதுவாக முதல் மூன்று வருடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் பலருக்குத் தானாகவே மெல்ல இளகும். மருத்துவர்கள் 17 இடங்களில் தோலைக் கிள்ளிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை மதிப்பெண் போட்டு இதைக் கணக்கு வைக்கிறார்கள். நான்காம் வருடம் எந்தத் தைலத்தைத் தேய்த்தாலும் இளகத்தான் போகிறது என்பதை, 'ஸ்க்ளீரோடெர்மாவுக்கு நிரந்தரத் தீர்வு' என்று விளம்பரம் செய்பவர்களும் அனுபவத்தில் கண்டிருப்பார்கள். நுரையீரல் அப்படியல்ல. அங்கே படிந்த தழும்பு இளகுவதில்லை. இழந்த மூச்சு திரும்பி வருவதும் அரிது. அது படிவதும் பெரும்பாலும் இதே முதல் சில வருடங்களில்தான்.

அதனால் விரலில் நோய் உறுதியானதும், இருமல் இல்லாவிட்டாலும், மூச்சு வாங்காவிட்டாலும் நுரையீரலுக்கு ஒரு முறை நுண் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தொடக்கத் தழும்பு தெரியாது. ஊதிப் பார்க்கும் சோதனையும், வாயு ரத்தத்துக்குள் எவ்வளவு போகிறது என்ற அளவும், இதயத்துக்கு எக்கோவும் சேரும். தூத்துக்குடிப் பெண்ணுக்கு மூச்சில் எந்தக் குறையும் இல்லை. இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறுவார். ஸ்கேனில் இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் மங்கலான திட்டுகள் இருந்தன. ஊதும் அளவு அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் நூற்றுக்கு 82. இந்தக் கட்டத்தில்தான் மருந்து பலன் தரும். மைக்கோஃபினலேட் மாத்திரை தொடங்கினார்கள், படிப்படியாக நாளுக்கு இரண்டு கிராம்வரை. அதற்கு முன்னால் காசநோய் இல்லையென்று உறுதி செய்துகொண்டார்கள். குழந்தைக்குத் தீங்கு என்பதால் கருத்தரிக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். இந்த மாத்திரை தழும்பைக் கரைக்காது. இருப்பதை அந்த இடத்திலேயே நிறுத்தப் பார்க்கும். நிற்காவிட்டால் நின்டடானிப், டோசிலிசுமாப், ரிட்டுக்சிமாப் என்று அடுத்த வரிசை இருக்கிறது. விலை ஏற ஏற எட்டாக்கனி. நம் நாட்டில் இந்த நோயில் வறட்டு இருமலோடு வருபவருக்குச் சளிச் சோதனையில் எதுவும் இல்லாமலேயே காசநோய் மருந்து ஆறு மாதம் ஓடிவிடுவதும் உண்டு. அந்த ஆறு மாதம் நுரையீரல் கணக்கில் பெரிய செலவு. சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் இதற்கென்றே தனித் துறை உண்டு.

நெஞ்செரிச்சலும் இவருக்கு இருந்தது, இரவில் படுத்தால் புளித்து மேலே வரும். உணவுக்குழாயின் தசையும் இந்த நோயில் தளர்கிறது. ஒமிப்ரஸோல் கொடுத்து, தலைமாட்டை உயர்த்திப் படுக்கச் சொன்னார்கள்.

முதல் இடத்தில் எழுதிக் கொடுத்த அந்த 20 மில்லிகிராம் ப்ரெட்னிசலோனை ருமட்டாலஜி மருத்துவர் அன்றைக்கே சட்டென்று நிறுத்தவில்லை. மூன்று மாதம் போட்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்துவது வேறு ஆபத்து. சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்தார். நாளுக்கு 15 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஸ்டீராய்டு போடும் ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளுக்குச் சிறுநீரக நெருக்கடி வரும் வாய்ப்பு கூடுகிறது. தோல் வேகமாக இறுகிக்கொண்டிருக்கும் முதல் நான்கைந்து வருடங்களில்தான் அது அதிகம். விரலில் குழாய்கள் தடித்து அடைந்ததுபோலவே சிறுநீரகத்திலும் அடையும். ரத்த அழுத்தம் சில நாட்களிலேயே எகிறும். தலைவலி, கண் மங்கல், மூச்சுத் திணறல். பிறகு சிறுநீரகமே நின்றுபோகும். கேப்டோப்ரில் வகை மருந்துகள் வருவதற்கு முன்னால் இது வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வருடத்துக்குள் இறந்தார்கள். இப்போது அந்த மருந்தைத் தாமதமின்றித் தொடங்கினால் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடிகிறது. வராமல் தடுக்க முன்கூட்டியே போடலாமா என்றால், அப்படிப் போட்டவர்களுக்கு நன்மை தெரியவில்லை. வந்த உடனே தெரிந்துகொள்வதுதான் வழி.

தெரிந்துகொள்ள ஸ்கேன் எதுவும் தேவையில்லை, வீட்டில் ஒரு பிபி கருவி போதும். வாரத்துக்கு இரண்டு முறை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார் மருத்துவர். வழக்கமாக 110, 120 என்று இருக்கும் மேல் அளவு திடீரென்று 140, 150 என்று காட்டினால், அன்றே கிரியாட்டினின் பார்க்க வேண்டும். 'இந்த வயதில் பிபி வருவது சகஜம்தானே' என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. கம்பெனியில் ஐஸ் மேசையிலிருந்து எடைக் கணக்கு எழுதும் வேலைக்கு அவரை மாற்றியிருக்கிறார்கள், கூலி கொஞ்சம் குறைவு. நோட்டின் முதல் பக்கத்தில் நோயின் பெயரை எழுதி, அதற்கடியில் அதிக அளவு ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதி, மருத்துவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இருமலுக்கோ மூட்டுவலிக்கோ வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் பக்கத்தை முதலில் காட்டிவிட்டுத்தான் அவர் பேசத் தொடங்குகிறார்.